மஞ்சள் இலைக்குள் ஒரு சமையல்கட்டு: ஒளிச்சேர்க்கையைக் கதையாக எழுதும் முறை

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக நான் முதன்முதலில் எழுதிய ஒளிச்சேர்க்கைக் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இலை ஒரு சமையலறை. நடுவில் ஒரு போசி. அதில் தண்ணீரை ஊற்றி, கார்பன் டை ஆக்சைடைக் கொட்டி, மேலே ஒரு கரண்டி வெயிலைத் தூவி, பச்சையத்தைக் கறிவேப்பிலை மாதிரி கிள்ளிப் போட்டுக் கிளறினால் சர்க்கரை தயார். ஆக்சிஜன் ஆவியாகப் பறந்துவிடும். எழுதி முடித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் ஊர் மாலை வகுப்பில் அதைப் படித்துக் காட்டினேன். ஏழாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள். "ஏனுங் சார், சமைச்சு முடிச்சதும் அந்தப் பச்சையம் தீந்து போயிருமுங்களா? அப்ப இலை ஏன் இன்னும் பச்சையாவே இருக்குது?" பக்கத்தில் இருந்த பையன் விடவில்லை. "வெயிலு எத்தனை கிராம் போடோணும்?" என்றான்.

இரண்டுக்கும் என் கதையில் பதில் இல்லை. கதையே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு நான் வேறு மாதிரி எழுத ஆரம்பித்தேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மஞ்சள் காடு ஒன்றை எடுத்துக்கொண்டு, கதையையும் கூடவே எழுதிக்கொண்டு போகலாம்.

படி 1: இலையைத் தேர்ந்தெடுங்கள்

'ஒரு இலை' என்று பொதுவாக எழுதாதீர்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்த்த இலையாக இருக்கட்டும். எங்கள் பக்கம் மஞ்சள் இலை வசதி. இடுப்பு உயரத்துக்கு வரும், அகலமானது, கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் சுருண்டு காட்டிக்கொடுக்கும். சமைத்ததைச் சேர்த்து வைக்கும் இடமும் மண்ணுக்குள் விரலி மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரியும்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. கள்ளி, கற்றாழை போன்றவை இரவில் இலைத்துளை என்ற சன்னலைத் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொண்டு பகலில் சமைக்கிறவை. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் சமையல்கட்டின் அமைப்பே கொஞ்சம் வேறு. முதல் கதைக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

படி 2: எழுதும் முன் பருப்பை எண்ணுங்கள்

இது கதை எழுதுகிறவர்கள் தாண்டிப் போய்விடும் படி. தாண்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தீர்கள். சமையல் கதை என்பது அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்கு. உள்ளே போனது எல்லாம் வெளியே வந்ததில் இருக்க வேண்டும். கணக்கு இதுதான்:

```
6CO2 + 12H2O → C6H12O6 + 6H2O + 6O2
```

சில இடங்களில் தண்ணீரை ஆறு என்று மட்டும் போட்டிருப்பார்கள். அது கழித்துப் பார்த்த கணக்கு. பன்னிரண்டு உள்ளே போய், ஆறு திரும்ப வந்தால், செலவு ஆறுதானே என்று. தப்பில்லை. ஆனால் கதைக்கு அது போதாது. ஏன் என்று பருப்பே சொல்லும்.

தரையில் ஒரு துணியை விரித்து நான்கு வகைத் தானியம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பனுக்குக் கருப்பு உளுந்து 6. ஹைட்ரஜனுக்குக் கடுகு 24. ஆக்சிஜனுக்கு மட்டும் இரண்டு வகை. கார்பன் டை ஆக்சைடோடு வந்த ஆக்சிஜனுக்குத் துவரை 12, தண்ணீரோடு வந்த ஆக்சிஜனுக்குக் கொள்ளு 12. ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு தானியம் என்றால், யார் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனார்கள் என்று தெரியவேண்டும். அதற்குத்தான்.

இப்போது ஒரு உளுந்துக்குப் பக்கத்தில் இரண்டு துவரை வைத்தால் அது ஒரு கார்பன் டை ஆக்சைடு. இப்படி ஆறு. ஒரு கொள்ளுக்குப் பக்கத்தில் இரண்டு கடுகு வைத்தால் ஒரு தண்ணீர். இப்படிப் பன்னிரண்டு.

முதலில் தண்ணீரை உடையுங்கள். கடுகு 24-ஐயும் ஒரு ஓரமாகத் தள்ளுங்கள். மிஞ்சிய 12 கொள்ளும் இரண்டு இரண்டாக ஜோடி சேரும். ஆறு ஜோடி. அதுதான் வெளியே போகிற ஆறு ஆக்சிஜன். துணியை விட்டு அப்பால் நகர்த்திவிடுங்கள். ஒரு துவரைகூட இதில் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, 6 உளுந்து, 6 துவரை, 12 கடுகு எடுத்துச் சேருங்கள். அது சர்க்கரை, அதாவது குளுக்கோஸ். மிச்சம் 6 துவரையும் 12 கடுகும் இருக்கும். ஒரு துவரைக்கு இரண்டு கடுகு. ஆறு புதுத் தண்ணீர். துணியில் ஒரு கடுகுகூட மீதியில்லை.

தண்ணீரை ஆறு என்று வைத்துக்கொண்டு இதே விளையாட்டை ஆடிப் பாருங்கள். கொள்ளு ஆறுதான் இருக்கும், மூன்று ஜோடிதான் ஆகும். மீதி மூன்று ஜோடிக்குத் துவரையைப் பிடுங்க வேண்டி வரும். 'மரம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் ஆக்சிஜனை நமக்குத் தருகிறது' என்று பலரும் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மரம் விடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருவது. 1941-இல் ரூபன், கேமன் ஆகியோர் கொஞ்சம் கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த வாயுவில் தண்ணீரில் இருந்த அதே அளவுக்குக் கனமான ஆக்சிஜன் இருந்தது. நாம் கொள்ளையும் துவரையையும் பிரித்து வைத்ததுபோல் அவர்கள் அணுவுக்கே அடையாளம் வைத்துப் பார்த்தார்கள்.

படி 3: யார் பொருள், யார் பொருள் இல்லை

பருப்புத் துணியில் வெயிலுக்கு ஒரு தானியமும் வைக்கவில்லை. பச்சையத்துக்கும் வைக்கவில்லை. இதுதான் என் பழைய கதையின் ஓட்டை. துணியில் இல்லாத எதையும் போசிக்குள் போடக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் தீ. பச்சையம் அந்தத் தீயைப் பிடித்து வைக்கும் அடுப்பு. சோற்றோடு அடுப்பைப் பிசைந்து சாப்பிடுவதில்லை, சமைத்து முடித்ததும் அடுப்பு தீர்ந்துபோவதும் இல்லை. அந்த ஏழாவது பிள்ளையின் கேள்விக்கு இது போதும்.

ஆனால் 'தீ' என்ற உவமையும் ஒரு இடத்தில் நொண்டும். சோறு வடித்து ஆறிவிட்டால் தீயின் சூடு போய்விடும். இலையில் அப்படி இல்லை, பிடித்த வெயிலில் ஒரு பங்கு சர்க்கரைக்குள்ளேயே ஆற்றலாக இருந்துவிடும். எடை கிடையாது, ஆனால் இருக்கும். அதனால்தான் சர்க்கரை தின்றால் நமக்குத் தெம்பு வருகிறது. இதை விளக்கவுரையாக எழுதாமல், கதையில் ஒரு பொருளாகக் காட்டிவிடுவது நல்லது. நான் ஆறாத சர்க்கரைக் கட்டியாகக் காட்டியிருக்கிறேன். கீழே வரும்.

மற்றவர்கள் சுலபம். இலை ஒரு கல்யாண மண்டபம் என்றால், பச்சையாக இருக்கும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பல சமையல்கட்டுகள். அவை பசுங்கணிகங்கள். வேரிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் சைலம், குழாய். சமைத்ததை எடுத்துப் போகும் புளோயம், பந்திக்குப் போகும் வழி. இலைத்துளை, சன்னல். மஞ்சள் இலையில் அடிப்பக்கம்தான் சன்னல் அதிகம். ஒவ்வொரு சன்னலுக்கும் இரண்டு காவல்காரிகள். பாடத்தில் வரும் காப்பு செல்கள்.

இந்தக் கலைச்சொற்கள் எல்லாவற்றையும் கதைக்குள் திணிக்க வேண்டாம். என் கணக்கு, ஒரு கதைக்கு மூன்று. நான் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், பச்சையம் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். சைலத்தைக் 'குழாய்' என்று சொன்னால் கதைக்கு ஒன்றும் கெடாது.

படி 4: சமையல்கட்டை இரண்டு அறையாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே போசியில் போட்டால் துவரையும் கொள்ளும் கலந்துவிடும். உண்மையிலும் இலையில் வேலை இரண்டு கட்டமாகத்தான் நடக்கிறது. வெயில் நேராகத் தேவைப்படும் முதல் கட்டத்தில் தண்ணீர் உடைகிறது. இரண்டாம் கட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகக் கோக்கப்படுகிறது. அடுப்பறை, கோக்கும் அறை என்று பிரித்துவிட்டால் பிள்ளைகளுக்குக் குழப்பம் இல்லை.

இனி கதையைத் தொடங்கலாம். ஒரு சின்ன ஆலோசனை. பிள்ளை இலைக்குள் எப்படிப் போனாள் என்று மந்திரம், தேவதை என்று அரைப் பக்கம் செலவழிக்காதீர்கள். ஒரே வரியில் உள்ளே தள்ளிவிடுங்கள். படிக்கிற பிள்ளைகள் கேட்கமாட்டார்கள்.

> மைனா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் வீசிவிட்டு மஞ்சள் காட்டுக்கு ஓடினாள். அம்மிச்சி பொடக்காளியில் விறகடுப்பு மூட்டியிருந்தாள். புகை வேலியைத் தாண்டி மஞ்சள் செடிகள் மேல் சாய்ந்து போனது.
>
> மைனா ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தில் மூக்கை வைத்து உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் உள்ளே இருந்தாள்.
>
> "யாரு கண்ணு நீ? கார்பன் டை ஆக்சைடா, ஆக்சிஜனா?"
>
> சன்னலின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரெதிரே வைத்த இரண்டு அவரைக்காய் மாதிரி இருந்தார்கள்.
>
> "நான் மைனாங்க."
>
> "அப்ப இந்த வரிசையில நிக்காத, நெரிசலாகுது. நேரா அடுப்பறைக்குப் போ."

'புகை சாய்ந்து போனது' என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். விறகடுப்பு இலைக்கு நேர் எதிரான வேலை செய்கிறது. விறகு ஆக்சிஜனோடு எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூடும் ஆகிறது. அம்மிச்சியின் செலவு இலைக்கு வரவு.

> அடுப்பறை முழுக்கப் பச்சை. அடுப்புகளே பச்சை. கூரை கண்ணாடி மாதிரி இருந்ததால் வெயில் நேராக அடுப்பில் விழுந்தது. விறகு ஒரு சுள்ளிகூட இல்லை.
>
> "இது என்னுங்க அடுப்பு?"
>
> "பச்சையம். வெயிலைப் பிடிக்கிற அடுப்பு" என்றார் சமையல்காரம்மா. "எண்ணிக்கிட்டே வா. பன்னெண்டு குடம்."
>
> குழாயிலிருந்து பன்னிரண்டு குடம் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு குடமும் அடுப்பில் பட்டதும் பட்டென்று உடைந்தது. கடுகு போல் இரண்டு இரண்டு மணிகள் ஓடிப்போய்க் கூடைக்குள் விழுந்தன. குடத்துக்கு ஒன்றாக மிஞ்சிய பெரிய மணிகள் ஜோடி சேர்ந்து கைகோத்துக்கொண்டு சன்னல் பக்கம் நடந்தன.
>
> "அவங்க யாருங்க?"
>
> "ஆக்சிஜன். ஆறு ஜோடி. எங்களுக்கு வேண்டியது கூடையில இருக்குது. அவங்க கிளம்பலாம்."
>
> "நாங்க மூச்சு விடறதே அவங்கள நம்பித்தானுங்களே!"
>
> "அப்படியா?" என்றார் சமையல்காரம்மா, திரும்பிப் பார்க்காமல்.

கடைசி வரியைக் கவனியுங்கள். 'மரம் நமக்காக ஆக்சிஜன் தருகிறது' என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. இலைக்கு அது தண்ணீரை உடைத்தபோது மிஞ்சியது, அவ்வளவுதான். சமையல்காரம்மா திரும்பிப் பார்க்காததே அதைச் சொல்லிவிடுகிறது.

> அடுத்த அறையில் வெயில் அடிக்கவில்லை. அங்கே ஆறு கார்பன் டை ஆக்சைடு வரிசையில் நின்றன. அடுப்பறையில் பிடித்த சூட்டையும் மணிக்கூடையையும் கொண்டுவந்து வைத்தார்கள். பூக்கட்டும் கைகள் போல ஆறு கரியையும் ஒன்றோடொன்று கோத்தார்கள். கூடவே ஆறு ஆக்சிஜன், பன்னிரண்டு கடுகு மணி. மீந்ததைச் சேர்த்ததும் ஆறு குடம் புதுத் தண்ணீர்.
>
> மைனா கையில் ஒரு கட்டி சர்க்கரையை வைத்தார்கள். இதமான சூடு.
>
> "ஆறட்டும், அப்புறம் எடுத்துக்கறேங்க."
>
> "அது ஆறாது கண்ணு. உள்ள இருக்கறது வெயிலு. யாராவது எரிச்சாலோ தின்னாலோதான் வெளிய வரும்."

ஒரு குறிப்பு. இரண்டாவது அறையை 'இருட்டறை' என்று எழுத ஆசை வரும், பாடத்திலும் 'இருள்வினை' என்று இருக்கிறதே என்று. எழுதாதீர்கள். இரவில்தான் அது நடக்கும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நேரடியாக வெளிச்சம் தேவையில்லையே தவிர, அடுப்பறையிலிருந்து வருவது நின்றால் அதுவும் சீக்கிரம் நின்றுவிடும். பகலில்தான் நடக்கிறது.

படி 5: ஒரு வரவை நிறுத்துங்கள்

இதுவரை எழுதியது சுற்றுலா. சிக்கல் வந்தால்தான் கதை. சிக்கலை வெளியிலிருந்து வில்லனாகக் கொண்டுவர வேண்டாம். வரவுகளில் ஒன்றை நிறுத்தினால் போதும். எதை நிறுத்துவது?

வெளிச்சத்தை நிறுத்தினால் இரவு. சமையல் நிற்கும், காலையில் தொடரும். அதில் பரபரப்பு ஒன்றும் இல்லை. தண்ணீரை நிறுத்தலாம் என்று தோன்றும். எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்து விடுவது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரில்லாமல் சமையல் நிற்பது நல்ல கதைதான். ஆனால் ஏன் நிற்கிறது என்பதில் பலர் தவறிவிடுவார்கள், நானும் முதலில் தவறினேன். சமைக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று எழுதினேன்.

உண்மையில் வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100-க்கு 95-க்கும் மேல் இலைச் சன்னல் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. சமையலுக்கு உடைக்கும் தண்ணீர் அதில் கொஞ்சமே கொஞ்சம். அதனால் தண்ணீர் குறையும்போது முதலில் காலியாவது சமையல் குடம் இல்லை. சன்னல்தான் முதலில் மூடிக்கொள்கிறது. காப்பு செல்கள் தண்ணீர் குடித்து உப்பினால் வெளிப்பக்கமாக வளைந்து நடுவில் துளை திறக்கும். தண்ணீர் இழந்து தளர்ந்தால் துளை மூடிக்கொள்ளும். சன்னல் மூடினால் தண்ணீர் மிஞ்சும். ஆனால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. ஆக, தண்ணீர்ப் பஞ்சம் சமையலை நிறுத்துவது காற்றை நிறுத்தித்தான்.

சன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு ஒரு ஊர்க்கணக்கு வைத்திருக்கிறேன். பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு 10,000 பேர் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் காற்று என்றால், ஏறத்தாழ 7,800 பேர் நைட்ரஜன், 2,100 பேர் ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடு 4 பேர். அந்த நான்கு பேரைப் பிடிக்கச் சன்னலை நன்றாகத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால், 180 கிராம் சர்க்கரைக்கு 264 கிராம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அவ்வளவும் இருப்பது சுமார் மூன்று வகுப்பறைக் காற்றில். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் என்று வைத்த வகுப்பறை.

இப்போது சிக்கல் காட்சி. இதற்குத்தான் கதையில் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

> அப்போதுதான் வாசல் பக்கம் சத்தம் கேட்டது. மைனா ஓடினாள். காவல்காரிகள் இரண்டு பேரும் வதங்கிய அவரைக்காயாகச் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக் கிடந்தார்கள். நடுவில் இருந்த சன்னலைக் காணோம்.
>
> "ஏனுங்க, திறங்க! வெளிய நாலு பேரு நிக்கறாங்க!"
>
> "திறந்தா இருக்கற தண்ணியும் போயிரும் சாமி" என்றாள் ஒருத்தி, கண் திறக்காமல். "தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி வந்து எத்தனை நாளாச்சு?"
>
> மைனாவுக்குத் தெரியும். முறை இன்னும் வரவில்லை.
>
> கோக்கும் அறையில் கைகள் சும்மா இருந்தன. கூடையில் மணி நிறைந்து வழிந்தது. கோக்கக் கரி இல்லை. அடுப்பறையில் சமையல்காரம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.
>
> "தண்ணி தீந்து போச்சுங்களா?"
>
> "என்ற சமையலுக்கு வேணுங்கறது ஒரு மடக்குத்தான். இன்னும் இருக்குது, பாரு" என்று குடத்தைச் சாய்த்துக் காட்டினார். "காத்து வரலை. அக்கட்ட காத்தில்லாம கை நிக்குது. ஆனா தீயை யாரு அணைக்கறது? அது மேல இருந்து விழுந்துட்டே இருக்குதே. காலிப் போசிய அடுப்புல வெச்சா என்ன ஆகும்?"
>
> "அடிப்பிடிக்கும்... இல்லீங்க, போசியே கருகிரும்."
>
> "அதான். கூரையைச் சுருட்டுங்க!" என்று சமையல்காரம்மா கத்தினார்.
>
> மண்டபமே மெல்ல ஆடியது. இரண்டு பக்கச் சுவரும் உள்பக்கமாகச் சுருண்டன. வெயில் அகலமாக விழுந்த இடத்தில் இப்போது ஒரு கீற்றுதான் விழுந்தது.

இலை சுருளுவது வாட்டத்தின் அடையாளம் என்று மட்டும் எழுதினால் பாதிதான். சுருண்டால் வெயில் படும் பரப்பு குறைகிறது, தண்ணீர் போவதும் குறைகிறது. 'காலிப் போசி' உவமை இங்கே நன்றாக உட்கார்கிறது. கார்பன் டை ஆக்சைடு வராதபோது பிடித்த வெயிலுக்குச் செலவு இல்லாமல் போய், அது பச்சையம் இருக்கும் இடத்தையே கெடுக்கும்.

தீர்வையும் பிள்ளை கையில் கொடுங்கள். மழை பெய்து எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிப்பது சோம்பேறித்தனம்.

> "மைனா! எங்கடி போயிட்ட? அப்புச்சி மடை திருப்பச் சொல்றாரு, வாய்க்கால்ல தண்ணி வந்திருச்சு!"
>
> அம்மிச்சி குரல். மைனா வெளியே வரப்பில் நின்றாள். மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, மடையில் அடைத்திருந்த மண்ணை வெட்டித் தள்ளினாள். தண்ணீர் நுரையோடு பாத்திக்குள் புகுந்து, காய்ந்த இலைச்சருகுகளைத் தூக்கிக்கொண்டு போனது.
>
> இலை உடனே விரியவில்லை. மைனா வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுதோட, நிழல் நீண்ட நேரத்தில், சுருளின் ஓரம் மெதுவாகப் பிரிந்தது.

'உடனே விரியவில்லை' என்பது அவசியம். தண்ணீர் வேரில் ஏறி, இலைக்கு வந்து, காப்பு செல்கள் உப்ப நேரம் பிடிக்கும்.

படி 6: விளைந்தது எங்கே போனது

செலவுப் பக்கத்தில் சர்க்கரையை இலையிலேயே விட்டுவிடாதீர்கள். அது வேறு வடிவச் சர்க்கரையாக மாறித் தண்டு வழியாகக் கீழே இறங்கி, மஞ்சளில் கிழங்குக்குள் மாவுச்சத்தாகச் சேர்கிறது. மஞ்சள் என்றதும் நிறம்தான் ஞாபகம் வரும், ஆனால் காய்ந்த மஞ்சளில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். இதற்கு நான் நான்கு வரிதான் ஒதுக்கினேன்.

> தை மாதம் மஞ்சள் வெட்டியபோது அப்புச்சி ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினார். விரலிகள் தடித்திருந்தன. ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மெலிந்து இருந்தது.
>
> "இந்த நேரத்துலதான் காடு காஞ்சு கெடந்துச்சு" என்றார்.
>
> மைனாவுக்கு அந்தச் சன்னல் ஞாபகம் வந்தது.

நேர்மையாகச் சொன்னால், ஒரு விரலியைப் பார்த்து எந்த வாரம் தண்ணீர் நின்றது என்று அப்புச்சியாலும் சொல்ல முடியாது. தண்ணீர் குறைந்தால் கிழங்கு சிறுக்கும் என்பது மட்டும் உண்மை. அதனால் கடைசித் திருத்தத்தில் 'ஒரு இடத்தில் மெலிந்திருந்தது' என்பதை எடுத்துவிட்டு, மேட்டுப் பாத்தியில் தண்ணீர் சரியாக ஏறாத செடிகளின் கொத்து சிறுத்திருந்தது என்று மாற்றினேன். கதைக்கு அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்த இப்படிப்பட்ட வரிகளை ஒருமுறை தனியாகத் தேடிப் பாருங்கள்.

இரவைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். அடுப்பு அணைந்தாலும் இலை மூச்சு விடும். பகலிலும் விடும், இரவிலும் விடும், நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விட்டு. பகலில் சமையல் வேகமாக நடப்பதால் அது தெரிவதில்லை. 'செடி பகலில் ஒன்றும் இரவில் வேறொன்றும் சுவாசிக்கும்' என்று எழுதிவிட்டால் அப்புறம் திருத்துவது கஷ்டம்.

படி 7: படித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்

'பிடித்திருந்ததா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். நான் கேட்பது மூன்று.

முதலாவது: சமைத்து முடித்தபின் சமையல்கட்டில் மீதி என்ன இருக்கும்? பச்சையம் என்று வந்தால் படி 3 சரியாக வந்திருக்கிறது. 'ஒண்ணும் இருக்காது' என்றால் நீங்கள் பச்சையத்தை எங்கோ போசிக்குள் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது: வெளியே போன ஆக்சிஜன் எந்த வழியாக உள்ளே வந்தது? சன்னல் என்றால் தப்பு, குழாய் என்றால் சரி. பல பேர் சன்னல் என்று சொன்னால், அடுப்பறைக் காட்சியில் ஜோடி சேரும் இடத்தை இன்னும் மெதுவாக எழுத வேண்டும். எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. குடம் உடைவதை ஒரு வரியில் முடித்திருந்தேன்.

மூன்றாவது: காடு காய்ந்தபோது சமையல் ஏன் நின்றது?

இந்தக் கேள்விக்கு 'தண்ணி இல்லை' என்ற பதில்தான் முதலில் வரும். உடனே திருத்தாமல் கொஞ்சம் காத்திருங்கள். போன தடவை பின் வரிசையில் இருந்த ஒரு பையன், வாயில் கடலை மிட்டாயோடு, "குடத்துல தண்ணி இருந்துச்சுங்களே சார், அந்தம்மா சாச்சுக் காட்டுனாங்க. நாலு பேரு வெளியவே நின்னுட்டாங்க, அதான்" என்றான். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மிட்டாயை ஒரு கடி கடித்துவிட்டு, "இதுலயும் வெயிலு இருக்குதுங்களா?" என்று கேட்டான்.